கடவையில் வண்டி நின்றால்: முதலில் ஆள், அடுத்தது தகவல், கடைசியில்தான் வண்டி

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் அணியினர், தோட்ட வாகனச் சாரதிகள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. நம்முடைய கொழுந்து டிரெக்டர் ஒவ்வொரு நாளும் குறைந்தது நான்கு தடவை தாண்டுகிற கோச்சி ரோட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். மலைக்கும் பாக்டரிக்கும் நடுவே அந்தக் கடவை இருக்கிறது. அதில் கேட் இல்லை, மணி இல்லை, விளக்கு இல்லை, காப்பாளரும் இல்லை. ஒரு பலகை மட்டும் நிற்கிறது. மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு, இரண்டு பக்கமும் மானாப் புல்.

போன மழைக்காலத்தில் அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அதை ஒழுங்காக ஒரு தடவை சொல்லிப் பார்ப்போம். பகல் நிறுவைக்குப் பிறகு கொழுந்துச் சாக்குகளோடு டிரெக்டர் புறப்பட்டது. பெட்டியில் சாக்குகளுக்கு மேல் பதினொரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூட்டம் போட்டிருந்தது. முன்சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டியதும் சாரதித் தம்பி ஏற்றத்துக்காகக் கியரை மாற்றினார். எஞ்சின் நின்றுவிட்டது. பெட்டி சரியாகத் தண்டவாளத்துக்கு மேலே.

அவர் சாவியைத் திருப்பினார். பற்றரி பலவீனம். மறுபடி திருப்பினார், மறுபடியும் திருப்பினார். பெட்டியில் இருந்தவர்கள் இறங்கவில்லை. "இப்ப ஸ்டார்ட் ஆயிடும்" என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே போனது. அந்த நேரம் பாதையோரமாக வந்த ஒரு பென்சன்காரத் தாத்தா நிலைமையைப் பார்த்தார். ரயில்வே கேங்கில் வேலை செய்தவர். ஒரு வார்த்தை பேசவில்லை. தோளில் கிடந்த சிவப்புத் துவாயை எடுத்துக்கொண்டு கீழ் வளைவை நோக்கி ஓடினார். கொஞ்ச நேரத்தில் கோச்சியின் ஊதல் கேட்டது. அப்போதுதான் எல்லோரும் குதித்தார்கள்.

கோச்சிச் சாரதி துவாயைக் கண்டு பிரேக் போட்டார். வேகம் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் பெட்டியின் பின்மூலையில் தட்டித்தான் நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஓர் அக்காவுக்குக் கால் முறிந்தது. அவரைக் கோச்சி இடிக்கவில்லை. அவர் கோச்சி போகிற திசையிலேயே, தண்டவாளத்தை ஒட்டி ஓடினார். பெட்டியிலிருந்து பிய்ந்து பறந்த பலகை அவர் காலில் அடித்தது. ஆறு வாரம் அவருக்கு வேலை இல்லை.

தோழர்களே, இதில் சாரதித் தம்பியைக் குற்றம் சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்று நம்மில் யாருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. தாத்தாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது, அதுவும் கேங்கில் வேலை செய்ததால். அதனால் அதை இன்றைக்கு எல்லோரும் தெரிந்துகொள்வோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாங்கள் ஆசிரியர்கள், கணக்கு இல்லாமல் விடமாட்டோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற கோச்சி ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடும். நம் கடவையில் நின்று பார்த்தால் வளைவு வரை ஏறக்குறைய 150 மீற்றர்தான் தெரியும். அப்படியென்றால் கோச்சி கண்ணில் பட்ட பிறகு நமக்கு இருப்பது 13 செக்கன். டிரெக்டரும் பெட்டியும் சேர்ந்து 8 மீற்றர் நீளம். தண்டவாளத்துக்கு 3 மீற்றர் முன்னால் நின்று புறப்பட்டு, பெட்டியின் பின்பக்கம் அந்தப் பக்கத்தில் 3 மீற்றர் தாண்ட வேண்டுமானால், மொத்தம் 16 மீற்றர் போக வேண்டும். நடக்கிற வேகத்தில் போனால் அதற்கு 11 செக்கன் தேவை. எல்லாம் சரியாக நடந்தாலே மிச்சம் இரண்டு செக்கன். எஞ்சின் ஒரு தடவை இருமினாலும் அந்த இரண்டு செக்கன் போய்விடும். கோச்சியால் டக்கென்று நிற்க முடியாது. பிரேக் போட்ட பிறகும் அது நூற்றுக்கணக்கான மீற்றர் ஓடும். அதனால் நம்மைக் கண்டுவிட்டு நிறுத்துவார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகவே கடவைக்கு வருமுன் செய்ய வேண்டியது இது. தண்டவாளத்துக்கு முன்னால் வண்டி முழுதாக நிற்க வேண்டும். பெட்டியில் உள்ளவர்கள் எல்லோரும் அங்கேயே இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, நடந்து தாண்டிவிட வேண்டும். பெட்டி கொழுந்து ஏற்றச் செய்தது, ஆள் ஏற்றச் செய்ததல்ல. உதவியாள் தண்டவாள ஓரத்தில் போய் நின்று இரு பக்கமும் பார்த்துக் கை காட்ட வேண்டும். மூட்டம் போட்ட நேரத்தில் கண்ணை மட்டும் நம்பக்கூடாது. ரேடியோவை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்தில் வண்டி முழுதாகப் போய் நிற்க இடம் இருந்தால்தான் புறப்பட வேண்டும். முதல் கியரில் ஏறி முதல் கியரிலேயே இறங்க வேண்டும். தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றவே கூடாது. போன தடவை எஞ்சின் நின்றது அதனால்தான்.

இன்னொரு விசயம். நாவலப்பிட்டிக்கு மேலே பதுளை வரை நம்முடையது ஒற்றைப் பாதை. ஒரே தண்டவாளத்தில்தான் ஏறுகிற கோச்சியும் இறங்குகிற கோச்சியும் ஓடுகின்றன. "காலைக் கோச்சி போயிட்டுது, இனி வராது" என்று நேரத்தை நம்பித் தாண்டாதீர்கள். தாமதமாக வருகிற கோச்சி, சாமான் கோச்சி, வேலைக்குப் போகிற தனி எஞ்சின், எதுவும் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம்.

இனி, இவ்வளவும் செய்தும் வண்டி தண்டவாளத்தின் மேல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை ஆட்களை இறக்குவது. சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு அல்ல, அதற்கு முன்னால். பள்ளிக்கூட வேனாக இருந்தாலும், ஆட்டோவாக இருந்தாலும், டிரெக்டராக இருந்தாலும் இதே முறைதான். சாக்கு, பை, போன் எதையும் எடுக்க நிற்க வேண்டாம். இறங்கியதும் தண்டவாளத்தை விட்டுத் தூர விலக வேண்டும். எந்தப் பக்கமாக விலகுவது? கோச்சி வருவது தெரிந்தால், அது வருகிற திசையை நோக்கிச் சாய்வாக, தண்டவாளத்திலிருந்து விலகி விலகிப் போக வேண்டும். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் கோச்சி வண்டியை இடித்தால் உடைந்ததெல்லாம் கோச்சி போகிற திசையில்தான் பறக்கும். அந்த அக்கா பயத்தில் ஓடிய பக்கம் அதுதான். பயந்தால் எல்லோரும் அந்தப் பக்கம்தான் ஓடுவோம். அதனால்தான் இதை முன்கூட்டியே மனதில் பதிக்கச் சொல்கிறோம்.

இரண்டாவது தகவல். வண்டியை நகர்த்தப் பார்க்கும் முன் இரண்டு பேரை அனுப்புங்கள். ஒருவர் மேல் பக்கம், ஒருவர் கீழ்ப் பக்கம். ஒற்றைப் பாதை என்பதால் இரண்டு பக்கமும் ஆள் தேவை. அவர்கள் தண்டவாளத்துக்கு நடுவே ஓடக்கூடாது, ஓரமாகப் போக வேண்டும். வளைவைத் தாண்டி, முடிந்த அளவு தூரம் போக வேண்டும். கடவைக்குப் பக்கத்திலேயே நின்று கொடி காட்டிப் பயனில்லை. சிவப்புக் கொடி, சிவப்புத் துணி எதுவானாலும் வேகமாக ஆட்டுங்கள். இரவில் டோர்ச் லைட்டை இடமும் வலமுமாக ஆட்டுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுங்கள். கோச்சிச் சாரதி அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்வார்.

அதே நேரத்தில் இன்னொருவர் போன் எடுக்க வேண்டும். பக்கத்துப் புகையிரத நிலைய அதிபருக்கும், பொலிஸ் 119க்கும். நிலைய அதிபருக்கு ஏன்? நம் மலைப் பாதையில் டேப்லட் முறை இருக்கிறது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு கோச்சிதான் போகலாம். அதற்கு அடையாளமான டேப்லட்டை நிலையத்தில் வாங்காமல் சாரதி புறப்பட மாட்டார். கோச்சி இன்னும் புறப்படவில்லை என்றால் நிலைய அதிபர் அதை அங்கேயே நிறுத்திவிடலாம். புறப்பட்டுவிட்டால்? அப்போது அதை நிறுத்தக்கூடியது வளைவில் நிற்கிற உங்கள் சிவப்புத் துணிதான். அதனால் போன் செய்துவிட்டோம் என்று கொடிக்காரரைத் திரும்பக் கூப்பிடாதீர்கள். இரண்டும் வேண்டும்.

போனில் சொல்ல வேண்டியது நான்கு விசயம்: எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே, எந்தத் தோட்டத்துக் கடவை, என்ன வண்டி, அது தண்டவாளத்தின் மேல் இருக்கிறது. பக்கத்தில் உள்ள தூரக் கம்பத்தின் எண்ணையும் சொன்னால் இன்னும் நல்லது. வண்டியை எடுத்த பிறகு மறுபடி போன் பண்ணிச் சொல்லவும் வேண்டும்.

மூன்றாவதுதான் வண்டி. கோச்சி கண்ணிலும் இல்லை, காதிலும் இல்லை என்றால் மட்டும் அதில் கை வையுங்கள். ஒருவர் இரு பக்கமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டோவோ வேனோ என்றால் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கித் தள்ளுங்கள். சில பழைய வண்டிகளில் முதல் கியரில் போட்டு, கிளச்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். புதிய வண்டிகளில் இது நடக்காது, பற்றரி பலவீனமானாலும் நடக்காது. கொழுந்து ஏற்றிய பெட்டியைத் தள்ள முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். ஊதல் கேட்டால் உடனே கையை எடுத்துவிட்டு விலகுங்கள். டிரெக்டர் தோட்டத்தின் சொத்து, உங்கள் உயிர் உங்கள் வீட்டின் சொத்து.

டவுனுக்குப் போகிற சாரதிகளுக்கும் ஒன்று சொல்கிறோம். கேட் உள்ள கடவையில் தப்பித் தவறி இரண்டு தடைக் கம்பங்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால், கம்பத்தை இடித்துக்கொண்டு வெளியே போங்கள். கம்பத்துக்குத் தண்டம் கட்டலாம். ஆனால் கம்பம் இறங்கும்போது முந்திப் போகாதீர்கள். 2005 ஏப்ரலில் பொல்காவலைக்குப் பக்கத்தில் யாங்கல்மோதரைக் கடவையில், கோச்சிக்கு முன்னால் தாண்டிவிடலாம் என்று போன பஸ் ஒன்றில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

கடைசியாக, சங்கத்தின் வேலை. சாரதிக்கு முறை சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. பலவீனமான பற்றரியோடு டிரெக்டரை அனுப்பியது சாரதி அல்ல. ஆகவே நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கிறோம்: ஒவ்வொரு டிரெக்டரிலும் இரண்டு சிவப்புக் கொடி, ஒரு டோர்ச் லைட், பற்றரி சரியில்லை என்று சாரதி சொன்னால் அன்றைக்கு அந்த வண்டி கடவையைத் தாண்டக்கூடாது, கடவையில் ஆட்களை இறக்கி ஏற்றுகிற ஐந்து நிமிடத்துக்காக யாருடைய பெயரிலும் குறை எழுதக்கூடாது. புல்லை வெட்டவும், தண்டவாளங்களுக்கு நடுவே கற்கள் இறங்கிச் சக்கரம் விழுகிற பள்ளத்தை நிரப்பவும் ரயில்வே திணைக்களத்துக்குத் தனிக் கடிதம் போகிறது. கடிதத்தின் பிரதியைக் கமிட்டித் தலைவர் வைத்திருப்பார். பக்கத்து நிலையத்தின் போன் நம்பரை நாளைக்கே பெரட்டுக் களத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவோம்.

புறப்படுமுன் ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். முதலில் ஆள். அடுத்தது தகவல். கடைசியில்தான் வண்டி.