மூன்று காற்றுக்கு ஒரு சொல்



தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்றை நிறுத்துவதற்கு முன்னர், எவ்வேலையை எந்த ஒழுங்கிற் செய்வது என்பதை ஒப்பந்தகாரர் எழுதிவைப்பர். அதனை வேலைமுறை விளக்கம் எனலாம். என்னிடம் முன்னர் கற்று, இன்று கோபுர வேலையில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவர் அத்தகைய ஆங்கில விளக்கமொன்றைத் தமிழாக்கித் தருமாறு கேட்டார். கலைப்பட்டதாரியாகிய நான் அகராதியை நம்பி அதனைச் செய்துமுடித்தேன். ஒரு வாரத்தின்பின் அவர் தாள்களோடு திரும்பி வந்தார்.

"சேர், இதில மூன்று காத்து வேகம் கிடக்கு. எந்தக் காத்துக்கு நாங்கள் கீழ இறங்கவேணும்?"

அப்போதுதான் என் பிழை எனக்குத் தெரிந்தது. ஆவணத்திற் செக்கனுக்கு 10 மீற்றர், 30 மீற்றர், 50 மீற்றர் என மூன்று வேகங்கள் இருந்தன. 10 மீற்றரைக் காற்று எட்டினால் ஆட்கள் இறங்கிவிடவேண்டும். 30 மீற்றர்வரை அன்ரனா தன் சேவையைத் தடையின்றிச் செய்யும். 50 மீற்றர்வரை கோபுரம் முறியாது நிற்கும். இவற்றுள் நடுவிலுள்ளதை நான் "வேலைக்குரிய காற்றுவேகம்" என்று எழுதிவிட்டேன். வேலை அன்ரனாவினுடையது, மனிதனுடையதன்று. என் தமிழை நம்பி ஒருவன் மணிக்கு 108 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்றில் ஏறியிருந்தால் என்னவாகும்?

வேகத்துக்கும் விசைக்கும் உள்ள தொடர்பை அறிந்தால் இதன் கொடுமை விளங்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அமுக்கம் நான்கு மடங்காகும். வேகத்தை வேகத்தாற் பெருக்கி, 0.613 ஆற் பெருக்கினால், ஒரு சதுரமீற்றரின் மேலுள்ள விசை நியூற்றனிற் கிடைக்கும். 1.2 மீற்றர் விட்டமுள்ள டிஷ் அன்ரனாவின் முகப்பரப்பு ஏறக்குறைய 1.13 சதுரமீற்றர். 10 மீற்றர்க் காற்றில் அதன்மீது 69 நியூற்றன் விசை தாக்கும்; ஏழு கிலோகிராம் பொருளின் நிறைக்கு இது சமன். 50 மீற்றர்க் காற்றிலோ அது 1,730 நியூற்றன் ஆகும். ஏறக்குறைய 175 கிலோகிராமின் நிறை. வேகம் ஐந்து மடங்கு. விசை இருபத்தைந்து மடங்கு. டிஷ்ஷின் வடிவத்தைக் கருதிப் பொறியியலாளர் இத்தொகையை இன்னுஞ் சற்றுக் கூட்டுவர்.

இந்த விசையை நான் "காற்றுச் சுமை" என்றே எழுதியிருந்தேன். சுமை என்றதும் தலைமேல் அழுத்தும் பாரமே நம்மவர் மனத்தில் எழும். இதுவோ பக்கவாட்டில் தள்ளுவது. ஆகவே "காற்று தள்ளும் விசை" என மாற்றினேன். புலவர் சிலர் முகஞ்சுளிக்கலாம். கோபுரத்தில் நிற்பவர் சுளிக்கமாட்டார்.

அன்ரனாவுக்கு நடு வேகம் ஒன்று தனியாக ஏன் வேண்டும்? டிஷ் அனுப்பும் கற்றை மிக ஒடுங்கியது. மேற்சொன்ன டிஷ் 15 கிகாஹேட்சில் இயங்கினால் கற்றையின் அகலம் ஒரு பாகைக்குச் சற்றே கூடும். கோபுரம் காற்றில் முறுகி அரைப்பாகைக்குச் சிறிது மேலே திரும்பினாலே மறுமுனையிற் கிடைக்கும் வலு பாதியாகிவிடும். கோபுரம் முறியவில்லை, தொடர்பு மட்டும் நலிகிறது. இங்கே இன்னொரு சிக்கல்: நாமே வேண்டுமென்று அன்ரனாவைக் கீழ்நோக்கிச் சாய்ப்பதும், காற்றிற் கோபுரம் தானே சாய்வதும் என் தமிழில் "சாய்வு" என்றே இருந்தன. முன்னதைச் "சாய்ப்பு" என்றும் பின்னதை "அசைவு" என்றும் பிரித்தேன்.

அன்ரனாவை நேர்ப்படுத்தும் பகுதியில் "உச்சம் கிடைக்கும்வரை திருப்புக" என எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர் சிரித்தார். முதன்மைக் கற்றையின் இருமருங்கிலும் மெலிந்த பக்கக் கற்றைகள் உண்டு. மெல்லத் திருப்பும்போது மானியின் வாசிப்பு ஏறி இறங்கும். அந்த முதலாவது ஏற்றத்திலேயே போல்ற்றை இறுக்கியவர் பலராம். கணித்த அளவிலும் 20 டெசிபெல் குறைவாக, அதாவது நூறில் ஒரு பங்கு வலுவே கிடைத்தால், பக்கக் கற்றையிற் சிக்கியதாக ஐயுறவேண்டும். ஆதலால் அவ்வசனம் இப்போது இப்படி இருக்கிறது: "இருபுறமும் முழுதாகத் திருப்பி மூன்று உச்சங்களைக் காண்க, நடுவிலுள்ள பெரிய உச்சத்தில் நிறுத்துக, மானியைப் பார்த்துக்கொண்டே இறுக்குக." இறுக்கும்போதும் டிஷ் சிறிது நகரும் என்பதால் இறுதித் தொடர் வேண்டியதாயிற்று.

மட்டக்களப்பை 1978 நவம்பரிற் தாக்கிய சூறாவளியை நினைவுகூர்பவர்க்கு, கோபுரம் தாங்கவேண்டிய வேகத்தை ஏன் அத்துணை உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என விளக்கவேண்டியதில்லை. அவ்வேகத்தைக் "கோபுரம் தாங்கும் காற்று" என்றும், நடுவிலுள்ளதை "தொடர்பு நிலைக்கும் காற்று" என்றும் எழுதினேன். முதலாவதை "ஆள் இறங்கும் காற்று" என்று பெரிய எழுத்தில் முதற்பக்கத்தில் வைத்தோம். மற்ற இரண்டும் பொறியியலாளர் பார்க்கும் பின்னிணைப்புக்குச் சென்றன.