கணக்காளரை வைப்பதா, நாமே எழுதுவதா?

(தோட்ட மரணாதாரச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மூன்று வாரமாக லயத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் ஒரே பேச்சுத்தான். “சங்கக் காசில் 21,750 ரூபாய் வித்தியாசமாம்.” பொருளாளர் அக்கா அழுதுகொண்டே புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். டவுனிலிருந்து ஒரு கணக்காளரைப் பகுதிநேரமாக வைப்போம் என்று சிலர் சொல்கிறார்கள். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றால் மலையில் வேலை வாங்குகிறவர். நாம் இங்கே பேசுவது புத்தகம் எழுதுகிறவரைப் பற்றி.

முதலில் அந்த வித்தியாசத்தைப் பார்ப்போம். மாதக் கடைசியில் நமது காசேட்டின்படி வங்கியில் இருக்க வேண்டியது 186,400 ரூபாய். வங்கிக் கூற்றில் இருப்பது 208,150 ரூபாய். காசு குறையவில்லை, கூடியிருக்கிறது! அதைக்கூடப் பார்க்காமல் “வித்தியாசம்” என்றதும் களவு என்று முடிவு கட்டிவிட்டோம்.

கமிட்டியில் நான்கு பேர் உட்கார்ந்து இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டோம். மேல் லயத்தில் மரணம் நடந்த வீட்டுக்குக் கொடுத்த 25,000 ரூபாய் காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லை. துக்க வீடு, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். நாம் கழித்துவிட்டோம், வங்கி கழிக்கவில்லை. வங்கி 500 ரூபாய் வட்டி சேர்த்து, 150 ரூபாய் கட்டணம் எடுத்திருந்தது. அது இரண்டும் நமது காசேட்டில் இல்லை. எழுதினால் நமது மீதி 186,750 ஆகும். வங்கியின் 208,150இல் 25,000ஐக் கழித்தால் 183,150 வரும். இன்னும் 3,600 ரூபாய் இடிக்கிறது.

இதில்தான் நாம் நின்று யோசிக்க வேண்டும். 3,600 என்பது 18 குடும்பத்தின் சந்தா. காசேட்டில் 29ஆம் திகதி வங்கியில் போட்டதாக எழுதியிருக்கிறது. ஆனால் மறுநாள் போயா, அதன்பின் சனி, ஞாயிறு. காசு அக்காவின் அலுமாரியில் இருந்து திங்கட்கிழமைதான் வங்கிக்குப் போனது. வைப்புச் சீட்டும் இருக்கிறது, 18 பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளும் இருக்கின்றன. களவு இல்லை. ஆனால் போடாத காசைப் போட்டதாக எழுதியது பிழைதான். இப்படி எழுதும் பழக்கம் இருந்தால், ஒருவர் இந்த மாதச் சந்தாவைச் செலவழித்துவிட்டு அடுத்த மாதக் காசால் அடைக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, அடிக்கட்டையின் திகதியையும் வைப்புச் சீட்டின் திகதியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இடைவெளி மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே போனால் கேள்வி கேட்க வேண்டும்.

இனிக் கணக்காளர். நாங்கள் விசாரித்தவர் மாதம் 5,000 கேட்டார். வருடத்துக்கு 60,000. நாம் 120 குடும்பம், 200 ரூபாய் வீதம் வருடத்துக்கு வருவது 288,000. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவருக்கே போய்விடும். இரண்டு மரண வீட்டுக்குக் கொடுக்கும் காசை விட அது அதிகம். அவரைக் குறை சொல்லவில்லை, அவரும் பஸ் ஏறி வர வேண்டும். ஆனால் அவர் மாதம் ஒரு தடவை வந்து, நாம் கொடுக்கும் பற்றுச்சீட்டைப் பார்த்துத்தான் எழுதுவார். வாசற்படியில் வாங்கி, பற்றுச்சீட்டு வெட்டாத காசு அவர் கண்ணுக்கும் தெரியாது.

ஆகவே கமிட்டியின் யோசனை இது. புத்தகத்தை நாமே எழுதுவோம். மாதம் இரண்டு மாலை நேரம்தான் அதற்குத் தேவை. ஆனால் காசு வாங்குகிறவரும் வங்கிக் கூற்றை ஒப்பிடுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. இதுவரை அக்காவின் தலையிலேயே இரண்டையும் சுமத்தியது நாம் செய்த தவறு. ஒப்பிடும் வேலையைக் கீழ் லயத்தில் உயர்தரத்தில் வணிகம் படித்த தங்கச்சி ஏற்றிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் அந்த ஒரு தாளைப் பிரட்டுக்களப் பலகையில் ஒட்டுவோம். வருட முடிவில் மட்டும் வெளியாள் ஒருவரைக் கொண்டு எல்லாவற்றையும் பார்ப்போம். அதற்கு 15,000 கேட்டிருக்கிறார்.

ஒன்று நடந்தால் இந்த முடிவை மாற்ற வேண்டிவரும். மாலை வகுப்புக்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்கும் பேச்சு இருக்கிறதே, அப்படி வைத்தால் சங்கம் முதலாளியாகிவிடும். ஊழியர் சேமலாப நிதிக்கு அவரிடமிருந்து 8, நம்மிடமிருந்து 12, நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் என்று மாதாமாதம் கட்ட வேண்டும். பிந்தினால் தண்டப்பணம். தோட்டத்துரைமார் அதைப் பிந்திக் கட்டினால் நாம் எவ்வளவு சத்தம் போடுகிறோம்! அப்போது மாதக் கணக்காளர் தேவைப்படலாம்.

இப்போது கை தூக்குங்கள். அதற்கு முன், அக்கா, நீங்கள் முன்னால் வந்து உட்காருங்கள். உங்கள் புத்தகம் இதோ இருக்கிறது. மேல் லயத்துக்காரர்களே, அந்தக் காசோலையை இந்தக் கிழமையே வங்கியில் கொண்டுபோய்ப் போடுங்கள்.