தற்கொலைச் செய்தி: போலீஸ் குறிப்பை அப்படியே போடலாமா?

சேலையூர்லேர்ந்து பேசறேன். தற்கொலைச் செய்தியை எப்படி எழுதணும்னு டாக்டர்கள் பத்திரிகையாளர்களுக்குச் சொல்றதுதான் இன்னைக்கு விஷயம். கேட்கக் கஷ்டமா இருந்தா, இந்த எபிசோடை விட்டுடலாம்.

சென்னையில் 1986ல் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். அவரும் சில ஆய்வாளர்களும் சேர்ந்து, 2016ல் தமிழ்நாட்டின் 9 முக்கிய நாளிதழ்களில் வந்த 1,681 தற்கொலைச் செய்திகளை ஆராய்ந்தாங்க. அதில் 43 சதவீதச் செய்திகளில் இறந்த விதம் விவரமா இருந்தது. உதவி மையத்தின் எண் இருந்தது வெறும் 2.5 சதவீதத்தில்தான்.

ஏன் இப்படி? இந்தச் செய்திகள் பெரும்பாலும் போலீஸ் குறிப்பிலிருந்து வருது. எப்படி, எங்கே, என்ன காரணம்னு விசாரணை அதிகாரி எழுதியே ஆகணும். ஏன்னா, அது கொலையா இல்லையான்னு பார்க்கணும். அந்த வேலைக்குத் தேவையான மூணு விவரமும் அப்படியே பேப்பருக்கு வந்துடுது. வாசகருக்கு ஆபத்தானதும் அதே மூணுதான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ‘தேர்வில் தோல்வி: மாணவி தற்கொலை’ன்னு ஒரு தலைப்பு. அதே தேர்வில் தோற்ற இன்னொரு பொண்ணு இதைப் படிக்கிறா. தோல்விக்கு இதுதான் அடுத்த படின்னு அந்தத் தலைப்பு அவளுக்குச் சொல்லுது. உண்மையில் ஒரு தற்கொலைக்குப் பின்னாடி மனச்சோர்வு, வீட்டுச் சூழல், தனிமைன்னு பல காரணம் சேர்ந்திருக்கும். முதல் நாள் போலீஸுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. இதையே ‘தாம்பரம் அருகே மாணவி மரணம், போலீசார் விசாரணை’ன்னு எழுதலாம். விதம், இடம், போட்டோ, கடிதம் எதுவும் வேண்டாம். முதல் பக்கமும் வேண்டாம். கடைசியில் உதவி எண். செய்தியில் உண்மை எதுவும் குறையலையே?

இதனால பலன் இருக்கான்னா, வியன்னாவைப் பாருங்க. அங்கே மெட்ரோ ரயில் தற்கொலைகளைப் பத்திரிகைகள் பரபரப்பா எழுதிட்டிருந்தது. 1987 நடுவில் மருத்துவர்கள் கொடுத்த வழிகாட்டுதலை ஏத்துக்கிட்டு அடக்கி எழுத ஆரம்பிச்சாங்க. அந்த வருஷத்தோட பிற்பாதியில், முற்பாதியைவிட 80 சதவீதத்துக்கு மேல் குறைஞ்சது.

உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டுதலை ஒட்டி, இந்தியப் பத்திரிகை கவுன்சிலும் 2019 செப்டம்பரில் விதிமுறை வெளியிட்டது. ஆனா கவுன்சிலால் எச்சரிக்கவும் கண்டிக்கவும்தான் முடியும், அபராதம் போட முடியாது. டிவியும் யூடியூப் சேனலும் அதன் வரம்பிலேயே இல்லை. அதனால ஒவ்வொரு செய்தியிலும் கடைசி முடிவு டெஸ்க்ல உட்கார்ந்திருக்கிற உதவி ஆசிரியர் கையில்தான்.

கேட்கிற உங்களில் யாருக்காவது மனசு பாரமா இருந்தா, சினேகா 044-24640050, டெலி மானஸ் 14416. கூப்பிடுங்க, பேசுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.