இரு செருப்புகளின் கணக்கு

நெமிலியிலிருந்து ஆம்பூருக்குச் சென்றபோது செருப்பு வாங்கக் கடையேறினேன். மூன்றாண்டு உழைக்கும் தோல் செருப்பு 1,700 ரூபாய். ஓராண்டே உழைப்பது 600 ரூபாய். மும்முறை வாங்கினால் 1,800 ஆகுமே, முன்னதே இலாபம் என்றெண்ணினேன்.

அது பிழை. எனக்கு நூற்றுக்குப் பத்து வட்டியில் கடன் இருந்தது. இன்று 545 ரூபாயை அதில் அடைத்தால், ஓராண்டில் 600 ரூபாய்ச் சுமை குறையும். ஆகவே அடுத்த ஆண்டுச் செருப்பின் இன்றைய மதிப்பு 545. அதற்கடுத்ததன் மதிப்பு 496. இன்று தரும் 600-ஐயும் கூட்டினால் 1,641தான். மலிவானதையே வாங்கினேன்.

கடனின்றிச் சேமிப்பில் நூற்றுக்கு நான்கே வட்டி பெறுபவருக்கு அம்மொத்தம் 1,732 ஆகும். அவருக்கு நீடித்து உழைப்பதே இலாபம். ஆனால் அது மூன்றாண்டும் உழைத்தாக வேண்டும்.