துத்தநாகமும் கரியும்: எலிங்கம் வரைபடம் காட்டும் வெப்பநிலைகள்

ஓர் உலோக ஆக்சைடிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்க எந்தப் பொருளை ஒடுக்கியாகப் பயன்படுத்தலாம், அதனை எந்த வெப்பநிலையில் பயன்படுத்தினால் வினை நடக்கும் என்னும் இரு கேள்விகளுக்கும் ஒரே தாளில் விடை காணும் முறையை 1944இல் ஹெரால்டு எலிங்கம் வெளியிட்டார். ஒவ்வோர் ஆக்சைடும் உருவாகும்போது ஏற்படும் கட்டிலா ஆற்றல் மாற்றத்தை நெட்டச்சிலும் வெப்பநிலையைக் கிடையச்சிலும் குறித்து, ஒவ்வோர் உலோகத்திற்கும் ஒரு கோடு வரைவதே அம்முறை. கட்டிலா ஆற்றல் மாற்றம் என்பது ஒரு வினை தானாக நிகழும் நாட்டத்தை அளக்கும் அளவு. அது எதிர்க்குறி உடையதாயின் வினை முன்னோக்கி நடக்கும், நேர்க்குறி உடையதாயின் நடவாது. வினையில் வெளிப்படும் வெப்பத்தையும், வினைபடு பொருள்களின் ஒழுங்கின்மையில் ஏற்படும் மாற்றமாகிய என்ட்ரோபி மாற்றத்தையும் அது ஒருங்கே கணக்கில் கொள்கிறது:

ΔG = ΔH − TΔS

இங்கு T என்பது கெல்வின் அளவிலான வெப்பநிலை. வெப்பநிலை உயர உயர என்ட்ரோபிப் பகுதியின் பங்கு பெருகுகிறது என்பதையும், கோட்டின் சாய்வு என்பது என்ட்ரோபி மாற்றமே, குறி மட்டும் மாறியது என்பதையும் இச்சமன்பாடு உடனே உணர்த்திவிடுகிறது. எல்லாக் கோடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொது அடிப்படை தேவை என்பதால், ஒவ்வொரு வினையும் ஒரு மோல் ஆக்சிஜனுக்கு என்றே எழுதப்படுகிறது. இவ்விதியை மறந்து ஒரு கோட்டை ஒரு மோல் உலோகத்திற்கும் மற்றொன்றை ஒரு மோல் ஆக்சிஜனுக்கும் வரைந்தால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்கள் அனைத்தும் பொருளற்றுப் போகும்.

பெரும்பாலான உலோகக் கோடுகள் இடமிருந்து வலமாக மேலேறுகின்றன. ஆக்சிஜன் வாயு மறைந்து திண்ம ஆக்சைடு உருவாகும்போது ஒழுங்கின்மை குறைவதால், வெப்பநிலை உயரும்போது ஆக்சைடின் நிலைப்புத்தன்மை தளர்கிறது என்பதே அதன் காரணம். கார்பன் கோடு மட்டும் இதற்கு மாறாகக் கீழிறங்குகிறது. ஒரு மோல் ஆக்சிஜன் வாயு, திண்மக் கார்பனோடு சேர்ந்து இரண்டு மோல் கார்பன் மோனாக்சைடு வாயுவைத் தருவதால், வினையில் வாயுவின் அளவு பெருகி என்ட்ரோபியும் கூடுகிறது. ஏறும் கோடும் இறங்கும் கோடும் எங்கேனும் வெட்டியே தீரும். வெட்டும் புள்ளிக்கு வலப்புறத்தில் கார்பன் கோடு கீழே இருக்குமாயின், அவ்வெப்பநிலைக்கு மேல் கார்பன் அந்த ஆக்சைடை ஒடுக்க வல்லது. இரும்பின் ஒற்றை ஆக்சைடுக்கு இச்சந்திப்பு ஏறத்தாழ 725 °C அளவில் அமைகிறது. அலுமினியத்திற்கு அது 2000 °Cஐத் தாண்டிவிடுவதால், அலுமினியம் கரியால் அன்றி மின்னாற்பகுப்பாலேயே எடுக்கப்படுகிறது. இவ்விரு முனைகளுக்கும் இடையில் நிற்கும் துத்தநாகமே வரைபடத்தின் நுட்பங்களையும் எல்லைகளையும் ஒருசேரக் காட்டுவதால், இச்சொற்பொழிவு அதனையே விரிவாக எடுத்துக்கொள்கிறது.

துத்தநாகம் 420 °C அளவில் உருகி, 907 °Cஇல் கொதித்து ஆவியாகிவிடும் உலோகம். அதன் கோடு 907 °C வரை ஒரு சாய்விலும், அதற்குமேல் ஏறத்தாழ இரு மடங்கு செங்குத்தான சாய்விலும் ஏறுகிறது. கொதிநிலைக்கு மேல், ஆக்சிஜன் மட்டுமன்றி உலோக ஆவியும் மறைந்து திண்மமாவதால் என்ட்ரோபி இழப்பு மிகுதியாகிறது. அதுவே இந்த முறிவுக்குக் காரணம். கொதிநிலைக்கு மேற்பட்ட பகுதியில், ஒரு மோல் ஆக்சிஜனுக்குக் கிலோஜூல் அளவில், இரு கோடுகளையும் ஏறத்தாழப் பின்வருமாறு எழுதலாம்:

2Zn(வாயு) + O₂ → 2ZnO: ΔG° = −920.5 + 0.397T
2C + O₂ → 2CO: ΔG° = −223.4 − 0.175T

இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து இரண்டால் வகுத்தால், ZnO + C → Zn(வாயு) + CO என்னும் ஒடுக்க வினையின் கட்டிலா ஆற்றல் கிடைக்கிறது. அது 348.5 − 0.286T. இதனைச் சுழியாக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 1219 K, அதாவது 946 °C. 800 °Cஇல் இவ்வினையின் கட்டிலா ஆற்றல் ஏறத்தாழ +42 கிலோஜூலாக இருக்கிறது. கரி எவ்வளவு இருந்தாலும் அங்கே உலோகம் போதிய அளவில் கிடைக்காது. 1100 °Cஇல் அது −44 கிலோஜூலாகக் கீழிறங்குகிறது. 348 கிலோஜூல் என்னும் பெரிய நேர் எண், இவ்வினை வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சுவது என்பதையும் உடன் சொல்கிறது. உலைக்குத் தொடர்ந்து வெப்பம் ஊட்டாவிடில், வினையே கலவையைக் குளிர்வித்துத் தன்னை நிறுத்திக்கொள்ளும்.

இக்கணக்கிலிருந்து எழும் முதன்மையான உண்மை, ஒடுக்க வெப்பநிலை கொதிநிலைக்கு மேலே இருக்கிறது என்பதே. இரும்பைப் போலத் துத்தநாகம் உலையின் அடியில் திரண்டு கிடப்பதில்லை. பிறக்கும்போதே ஆவியாகப் பிறக்கிறது. காற்றுபட்டால் அவ்வாவி உடனே எரிந்து வெள்ளை ஆக்சைடாகிவிடும். செம்பையும் இரும்பையும் வெகு முன்னரே உருக்கத் தெரிந்திருந்த மாந்தர், துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பேரளவில் பெற நீண்ட காலம் பிடித்ததற்கு இந்த 907, 946 என்னும் இரு எண்களின் வரிசையே காரணம்.

இராஜஸ்தானில் உதய்பூருக்கு அருகிலுள்ள ஜாவர் என்னும் இடத்தில் இடைக்காலத்தில் இச்சிக்கல் தீர்க்கப்பட்டிருந்தது என்பதை, 1980களில் நடந்த அகழாய்வுகள் தெளிவாக்கின. வறுத்து ஆக்சைடாக்கிய தாதுவையும் கரிப்பொருளையும் கத்தரிக்காய் வடிவ மண் வாலைகளில் நிரப்பி, வாய் கீழ்நோக்கி இருக்குமாறு துளைத்தட்டின்மேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்தனர். ஓர் உலையில் 36 வாலைகள் அடங்கின. தட்டுக்கு மேலே நெருப்பு 1100 °Cக்கும் மேலான வெப்பத்தைத் தர, தட்டுக்குக் கீழே இருந்த குளிர்ந்த அறையில் ஆவி திரவமாகப் படிந்தது. கலவை கீழே சரிந்துவிடாமல் தாங்கவும், எரிந்தபின் ஆவி செல்ல வழிவிடவும் ஒரு குச்சி செருகப்பட்டது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். வெப்பநிலைமானி ஏதும் இல்லாத காலத்தில், ஒடுக்கத்திற்கு வேண்டிய வெப்பநிலையையும் குளிர்த்தலுக்கு வேண்டிய வெப்பநிலையையும் ஒரே உலையின் இரு தளங்களில் பிரித்து வைத்த அவ்வுலையரின் அறிவு, எலிங்கம் வரைபடத்தின் துணையோடு காணும்போது மேலும் வியப்பூட்டுகிறது. ஆவியைக் கீழ்நோக்கி வடிக்கும் முறையில் துத்தநாகம் எடுக்க வில்லியம் சாம்பியன் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1738இல்தான்.

வரைபடத்தில் மற்றொரு கோடும் உண்டு: கார்பன் மோனாக்சைடு, கார்பன் டையாக்சைடாக மாறும் கோடு. அது மேலேறும் கோடாதலால், துத்தநாகக் கோட்டை ஏறத்தாழ 1320 °Cஇல்தான் வெட்டுகிறது. அப்படியாயின் 1000 °Cஇல் கார்பன் மோனாக்சைடு வாயுவால் பயனில்லையோ என்று மாணவர் ஐயுறக்கூடும். உண்மையில், திண்ம ஆக்சைடும் திண்மக் கரியும் தொட்டுக்கொள்ளும் பரப்பு மிகச் சிறிது. ஆக்சைடைச் சென்று தாக்குவது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு வாயுவே. அவ்வினையில் உண்டாகும் கார்பன் டையாக்சைடை அருகிலிருக்கும் கரி மீண்டும் மோனாக்சைடாக மாற்றிவிடுவதால், டையாக்சைடின் அளவு மிகத் தாழ்ந்தே நிற்கிறது. ஆகவே வினை முன்னேறுகிறது. கோடுகளின் சந்திப்பு, ஒவ்வொரு வாயுவும் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் திட்ட நிலைக்கே உரியது என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். துத்தநாக ஆவியும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து ஒரு வளிமண்டல அழுத்தம் தருமாறு, ஒவ்வொன்றும் அரை வளிமண்டலமாக இருப்பதாகக் கொண்டால், மேலே கண்ட 946 °C என்பது ஏறத்தாழ 900 °Cஆகக் குறைந்துவிடுகிறது. வாயுக்களின் உண்மையான அழுத்தத்திற்கேற்ப வரைபடத்தைப் படிக்கத் துணை அளவுகோல்களை ரிச்சர்ட்சனும் ஜெஃப்சும் 1948இல் சேர்த்தது இத்தேவையை முன்னிட்டே.

அழுத்தத்தைக் கணக்கில் கொள்ளாதவரைச் செயல்முறை தண்டிக்கும் இடம், ஆவியைக் குளிர்விக்கும் கட்டம். வாயுவில் துத்தநாகம் நூற்றுக்கு 6, கார்பன் டையாக்சைடு 10, கார்பன் மோனாக்சைடு 25 என்னும் அளவில் இருப்பதாகக் கொள்வோம். கரியும் தாதுவும் காற்றூதும் ஒரே உலையில் எரியும்போது இத்தகைய கலவையே வெளிவருகிறது. சமநிலைக் கணக்கின்படி இக்கலவை ஏறத்தாழ 975 °Cக்கு மேலிருக்கும்வரை துத்தநாகம் உலோக ஆவியாகவே நிற்கும். அதற்குக் கீழே இறங்கியதும் கார்பன் டையாக்சைடு அதனை மீண்டும் ஆக்சைடாக்கத் தொடங்கும். மெல்லக் குளிர்வித்தால் திரண்ட திரவ உலோகத்திற்குப் பதிலாக, ஆக்சைடு படலம் போர்த்த நுண்துளிகளாலான நீலச்சாம்பல் நிறத் தூள் கிடைக்கிறது; உலையர் இதனை நீலத்தூள் என்பர். இத்தூள் மிகுவதே குளிர்த்தலில் பிழை நேர்ந்துள்ளது என்பதன் முதல் அடையாளம்.

இங்கிலாந்தின் ஏவன்மத்தில் உருவாகி 1950களில் தொழில்முறையாக வளர்ந்த இம்பீரியல் உருக்கு முறை, இச்சிக்கலுக்கு விரைவையே விடையாகக் கொண்டது. உலையை விட்டு நீங்கும் வாயுவை 1000 °C அளவிலேயே வைத்திருந்து, அதனை உருகிய ஈயத்தின் தூறலுக்குள் செலுத்தி ஒரே வீச்சில் 550 °C அளவுக்குக் குளிர்விக்கின்றனர். அவ்வெப்பநிலையில் ஆக்சைடாதலே வெப்ப இயக்கவியலின் விருப்பம். ஆயினும் வினைக்குப் போதிய நேரம் வாய்ப்பதற்குள் துத்தநாகம் ஈயத்தில் கரைந்து ஆவி நிலையிலிருந்து விலகிவிடுகிறது. பின்னர் ஈயத்தைக் குளிர்வித்து மிதக்கும் துத்தநாகத்தைப் பிரிக்கின்றனர்.

இம்முறை வெற்றி பெறுவதே வரைபடத்தின் எல்லையையும் சுட்டுகிறது. எலிங்கம் வரைபடம் எது இயலும் என்பதைச் சொல்கிறது. எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதைச் சொல்வதில்லை. தாதுவிலுள்ள பொருள்கள் ஒன்றோடொன்று கரைந்தோ சேர்ந்தோ புதிய சேர்மமாவதையும் அது கணக்கில் கொள்வதில்லை. மக்னீசியத்தைப் பெரோசிலிக்கானால் ஒடுக்கும் பிட்ஜன் முறையில், சிலிக்கான் கோடு மக்னீசியக் கோட்டுக்கு மேலே இருந்தும் 1200 °Cக்கு நெருக்கமான வெப்பத்தில் வினை நடப்பது, வெற்றிடம் மக்னீசிய ஆவியை உடனுக்குடன் அகற்றுவதாலும், விளைந்த சிலிக்காவைச் சுண்ணாம்பு கால்சியம் சிலிக்கேட்டாகப் பிணைத்துவிடுவதாலுமே. கோடுகளை மட்டும் பார்த்தால் இம்முறை இயலாது என்றே தோன்றும்.

ஆதலின் இவ்வரைபடத்தைப் பாடநூல்களில் அச்சிடுவோர், ஒவ்வொரு கோட்டிலும் உருகுநிலை, கொதிநிலை முறிவுகளைத் தெளிவாகக் குறித்து, கோடுகள் ஒரு வளிமண்டல அழுத்தத்திற்கே உரியன என்பதை வரைபடத்தின் மேலேயே எழுதிவைக்க வேண்டும். மாணவரும் சந்திப்பு வெப்பநிலையைப் படித்ததோடு நிறுத்தாமல், அங்கே உலோகம் எந்நிலையில் பிறக்கிறது என்பதையும் கணித்துப் பார்க்க வேண்டும்.