நெறிமுறையிலிருந்து பணிப்பட்டியல்



2020 ஜூன் 4 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வழிபாட்டுத் தலங்களுக்கான கொரோனா நெறிமுறைகளை வெளியிட்டது. தரையைப் பலமுறை துடைக்க வேண்டும் என்றது. பள்ளிவாசலில் யார், எப்போது துடைப்பது என்பதை நாமே வகுக்க வேண்டியிருந்தது. அத்தகைய ஆணையை அப்படியே சுவரில் ஒட்டினால் படிப்போர் பலர், செய்வோர் இரார்.

ஆதலால் ஒரு வினைக்கு ஒரு கட்டம் என்று பிரித்து, நேரவாரியாகவும் ஆள்வாரியாகவும் தொகுத்தல் வேண்டும்:

பாங்குக்கு முன், மோதினார்:
☐ உளூச் செய்யுமிடம் கழுவப்பட்டது
☐ பொதுப் பாய்கள் அகற்றப்பட்டன

தொழ வருகையில், வாயில் தொண்டர்:
☐ கிருமிநாசினி புட்டியில் உள்ளது
☐ ஒவ்வொருவருக்கும் வெப்பம் பார்க்கப்பட்டது

தொழுகைக்குப் பின், பணியாளர்:
☐ தரை துடைக்கப்பட்டது

எவருக்கேனும் நோய்க்குறி தென்பட்டால், செயலாளர்:
☐ தனியறையில் அமர்த்தி முகக்கவசம் அளிக்கப்பட்டது
☐ மருத்துவமனைக்குத் தகவல் தரப்பட்டது

கடைசிப் பணிக்கு நேரம் குறிக்கவியலாது; எனவே அது தனி அட்டையில் இருத்தல் நலம். ‘போதுமான தூய்மை’ போன்ற சொற்களுக்குக் குறியிட முடியாது. கண்ணால் கண்டு சொல்லத்தக்கதையே எழுதுக. ஒவ்வொரு கட்டத்தருகேயும் ஆணையின் பத்தி எண்ணைக் குறித்தால், ஆணை திருத்தப்படும்போது எதை நீக்குவது என்பது விளங்கும்.

புட்டி காலியாக இருந்தும் குறி விழுந்திருந்தால், அன்றைய குறிகள் யாவும் மாலையில் ஒருசேர இடப்பட்டவை என்று ஐயுற்று, நேரில் சென்று பார்ப்பதே முறை.