பட்டமா, வெல்டிங்கா?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் எஸ்.பி.எம். முடித்த பிள்ளை பட்டம் வாங்க, மெட்ரிகுலேஷனோடு நாலைந்து வருடம் ஆகும், பலருக்குப் பி.டி.பி.டி.என். கடனும் சேரும். வெல்டிங் படித்தால் ஒன்றிரண்டு வருடத்தில் சம்பளம். சிங்கப்பூர் போனால் ஒரு வெள்ளிக்கு 3 ரிங்கிட்டுக்கு மேல்.

ஆனால் நல்ல கூலி 6ஜி தேர்வு தேறியவருக்குத்தான். குழாயை 45 பாகை சாய்த்து இறுக்கிவிடுவார்கள், திருப்ப முடியாது. வெல்டர்தான் சுற்றி வளைந்து ஒட்ட வேண்டும். உள்விளிம்பு உருகிச் சேராவிட்டால் எக்ஸ்ரே காட்டிவிடும். தேறிய பிறகும், தேர்வில் செய்த வெல்டிங் முறையில் 6 மாதம் வேலை செய்யாவிட்டால் ஏ.எஸ்.எம்.இ. விதிப்படி தகுதி போய்விடும்.

இன்னொன்று, சிங்கப்பூர் வொர்க் பெர்மிட் வேலை தரும் முதலாளியோடு கட்டுப்பட்டது. சி.பி.எஃப். சேமிப்பும் கிடையாது. ஆகவே தம்பி, சம்பளத்தை மூன்றால் பெருக்கும்போதே, ஊரிலுள்ள இ.பி.எஃப். கணக்கில் நீயே கட்டவேண்டிய பங்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடு.